பாகம் 112, வரிசை எண் 647: பூத் சிலிப் படத்தைப் பெரியவருக்குப் படித்துச் சொல்வது

தேர்தல் நாளுக்குக் குறைந்தது ஐந்து நாட்களுக்கு முன்பே வாக்குச்சாவடி நிலை அலுவலர் வீடு வீடாக வந்து கொடுத்துவிட வேண்டிய சிறு தாளுக்கு, வாக்காளர் தகவல் சீட்டு என்பது அலுவல் பெயர். பேச்சில் அது பூத் சிலிப். வாக்காளரின் பெயர், தந்தை அல்லது கணவர் பெயர், வாக்காளர் அடையாள அட்டை எண், சட்டமன்றத் தொகுதி, பாகம் எண், வரிசை எண், வாக்குச்சாவடியின் பெயரும் முகவரியும், வாக்குப்பதிவு நடக்கும் நாளும் நேரமும் அதில் அச்சாகியிருக்கும். வாக்காளர் வீட்டில் இல்லாவிட்டால், குடும்பத்தில் வயதுவந்த வேறொருவர் கையெழுத்திட்டு வாங்கிக்கொள்ளலாம். அப்படி வாங்கியவர் செய்யும் அடுத்த வேலை, பெரும்பாலும், செல்போனில் அதைப் படம் எடுத்து உரியவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புவதுதான்.

படம் வந்து சேர்ந்துவிடுகிறது. ஆனால் அதைப் பார்க்கும் எழுபத்தெட்டு வயதுப் பெண்மணிக்கு அது எண்கள் நிறைந்த ஒரு தாளாக மட்டுமே தெரிகிறது. எந்த எண் எதற்கு, எதை நினைவில் வைக்க வேண்டும், எதை விட்டுவிடலாம் என்பதை யாராவது பக்கத்தில் உட்கார்ந்து சொல்ல வேண்டியிருக்கிறது. சொல்கிறவருக்கே அது முழுதாகத் தெரியாமல் இருப்பதும் உண்டு.

ஓர் எடுத்துக்காட்டை வைத்துக்கொள்ளலாம். தஞ்சாவூரில் மகனோடு இருக்கும் ஒரு மூதாட்டி, பேரக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஒரு மாதமாகக் கும்பகோணத்தில் மகள் வீட்டில் இருக்கிறார். வாக்குப்பதிவு நாளன்று காலையில் பேருந்தில் தஞ்சாவூர் வந்து ஓட்டுப் போடுவதாகத் திட்டம். மகன் வாங்கி வைத்த சீட்டின் படம் மகளின் செல்போனுக்கு வருகிறது. அதில் சட்டமன்றத் தொகுதி 174 தஞ்சாவூர் என்றும், பாகம் எண் 112, வரிசை எண் 647 என்றும் இருக்கிறது. தொகுதியின் எண் உண்மையானது. பாகமும் வரிசையும் விளக்கத்துக்காக வைத்துக்கொண்டவை. வாக்குச்சாவடி என்ற இடத்தில் மாநகராட்சி நடுநிலைப் பள்ளி, தெற்கு பார்த்த தார்சுக் கட்டடம், கிழக்குப் பகுதி என்று எழுதியிருக்கிறது.

மகள் படத்தைப் பெரிதாக்கிக் காட்டி, மேலிருந்து கீழாகப் படிக்கத் தொடங்கினால் தாய்க்கு எதுவும் நிற்காது. சீட்டு அச்சிடப்பட்ட வரிசை வேறு, ஒரு வாக்காளருக்கு அது தேவைப்படும் வரிசை வேறு. தொகுதி எண்ணை அவர் யாரிடமும் சொல்லப் போவதில்லை. அடையாள அட்டை எண்ணையும் அவர் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை; அது அட்டையிலேயே இருக்கிறது. அவருக்குத் தேவையானவை மூன்று: எந்தக் கட்டடம், எந்தப் பாகம், அதில் எத்தனையாவது பெயர். இந்த மூன்றும் ஏன் தேவைப்படுகின்றன என்று முதலில் புரிந்தால், எண்கள் தாமாகவே நினைவில் தங்கும்.

இங்கே இரண்டு சொற்கள் பெரியவர்களைத் தடுமாற வைக்கின்றன. பாகம் என்றதும் அவர்கள் காதில் விழுவது சொத்துப் பாகம். பாகப்பிரிவினைப் பத்திரத்தில் கேட்ட சொல் அது. வரிசை எண் என்றாலோ, பள்ளிக்கூட வாசலில் நிற்கும் வரிசையில் தமக்குரிய இடம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். ‘அறுநூற்று நாற்பத்தேழு பேருக்கு அப்புறம்தான் என் முறை வருமா, அதற்குள் சாயங்காலம் ஆகிவிடாதா?’ என்று ஒரு மூதாட்டி கவலைப்படுவதில் தவறே இல்லை. சொல் அப்படித்தான் பொருள் தருகிறது. இந்த இரண்டு சொற்களையும் விளக்காமல் எண்களை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்வதால்தான் விளக்கம் வீணாகிறது.

வாக்காளர் பட்டியல் என்பது ஒரே பெரிய புத்தகம் அல்ல. ஒரு சட்டமன்றத் தொகுதியின் பட்டியலைப் பல சிறு புத்தகங்களாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். அந்தச் சிறு புத்தகம் ஒவ்வொன்றும் ஒரு பாகம். ஒரு பாகத்தில் பக்கத்துப் பக்கத்தில் உள்ள சில தெருக்கள் அடங்கும். பொதுவாக ஒரு பாகத்துக்கு ஒரு வாக்குச்சாவடி. ஒரு சாவடியில் 1,500 வாக்காளர்கள் வரை இருக்கலாம் என்று முன்பு இருந்தது. 2025-ல் இந்திய தேர்தல் ஆணையம் அதை 1,200 ஆகக் குறைத்தது. புத்தகத்துக்குள் தெருவாரியாக, வீட்டுவாரியாகப் பெயர்கள் எழுதப்பட்டு, 1 தொடங்கி எண் இடப்பட்டிருக்கும். அந்த எண்ணே வரிசை எண். சில இடங்களில் இதையே தொடர் எண் என்றும் சொல்கிறார்கள். பெரியவரிடம் பேசும்போது அந்தச் சொல்லே குழப்பம் குறைவானது.

ஆகவே மகள் தாயிடம் சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: “அம்மா, தஞ்சாவூர் ஜனங்களோட பேரையெல்லாம் பல நோட்டுல எழுதி வச்சிருக்காங்க. நம்ம தெரு இருக்கிறது நூத்திப் பன்னிரண்டாவது நோட்டுல. அந்த நோட்டுல உங்க பேரு அறுநூத்தி நாப்பத்தேழாவது பேரு. நீங்க எத்தனை மணிக்குப் போனாலும் அந்த நம்பர் மாறாது. முன்னாடி போனா முன்னாடி ஓட்டுப் போட்டுட்டு வந்துடலாம்.” கிராமத்துப் பெரியவராக இருந்தால் பட்டாவையே உவமையாக வைத்துச் சொல்லலாம். சர்வே எண் இல்லாமல் உட்பிரிவு எண்ணை மட்டும் சொன்னால் நிலம் எது என்று யாருக்கும் தெரியாது. அதுபோல 647 என்று மட்டும் சொன்னால் பயனில்லை. பெரிய பாகங்கள் எல்லாவற்றிலும் ஒரு 647 உண்டு. 112-ம் 647-ம் சேர்ந்தால்தான் தஞ்சாவூர்த் தொகுதியில் அந்த ஒருவரைக் குறிக்கும்.

பாகம் எண்ணின் பயன் பள்ளியின் வாசலில் தொடங்குகிறது. ஒரே பள்ளியில் மூன்று, நான்கு சாவடிகள் இருப்பது நகரங்களில் சாதாரணம். எந்த அறைக்குப் போக வேண்டும் என்பதைக் காட்டுவது பாகம் எண்ணும் அதற்குரிய சாவடி எண்ணுமே. பெரும்பாலும் இரண்டும் ஒன்றாகவே இருக்கும். வாக்காளர் கூடுதலாக இருந்து துணைச் சாவடி அமைத்திருந்தால், எண்ணுடன் ‘ஏ’ போன்ற ஓர் எழுத்து சேர்ந்து வரும். ஆண்களுக்குத் தனியாகவும் பெண்களுக்குத் தனியாகவும் சாவடி பிரித்த இடங்களும் இருக்கின்றன. எண்ணுக்குப் பின்னால் எழுத்து ஏதாவது இருந்தால் அதையும் சேர்த்தே பெரியவருக்குச் சொல்ல வேண்டும். விட்டுவிட்டால், ஒரு மணி நேரம் நின்ற பிறகு பக்கத்து அறைக்குப் போகச் சொல்வார்கள்.

வாக்குச்சாவடி முகவரியில் வரும் ‘தெற்கு பார்த்த தார்சுக் கட்டடம், கிழக்குப் பகுதி’ என்ற வரியை இளையவர்கள் பெரும்பாலும் தாண்டிப் போய்விடுகிறார்கள். அவர்கள் தேடுவது செல்போன் வரைபடத்தில் பள்ளியின் பெயரை. ஆனால் அந்த வரி பெரியவர்களின் மொழியில் எழுதப்பட்ட வரி. வீட்டைக் ‘கிழக்குப் பார்த்த வீடு’ என்றும், அறையைத் ‘தெக்கால உள்’ என்றும் சொல்லிப் பழகியவர்கள் அவர்கள். தார்சு என்றால் தளம் போட்ட கட்டடம், ஓடு வேய்ந்தது அல்ல என்பதும் அவர்களுக்குத் தெரியும். இந்த வரியை அப்படியே படித்துக் காட்டினால் போதும், அவர்களே “ஓ, கொடிமரத்துக்கு எதிர்த்தாப்ல இருக்கே, அந்தக் கட்டடமா?” என்று கேட்பார்கள். சீட்டில் வேறு எதையும்விட இதை அவர்கள் எளிதில் பற்றிக்கொள்வார்கள் என்பதால், விளக்கத்தை இங்கிருந்து தொடங்குவது நல்லது. பள்ளியின் பெயரில் மட்டும் சிறு சிக்கல் உண்டு. ஊரில் பழகிய பெயர் ஒன்றாகவும், தாளில் உள்ள பெயர் வேறாகவும் இருக்கும். நகராட்சி மாநகராட்சி ஆனபோதும், நடுநிலைப் பள்ளி உயர்நிலைப் பள்ளி ஆனபோதும் பெயர் மாறியிருக்கும். ‘நீங்கள் போன தடவை ஓட்டுப் போட்ட அதே இடமா’ என்று கேட்டு உறுதி செய்துகொள்வது நல்லது. ஆனால், அதே இடம் என்று முன்கூட்டி முடிவு செய்துகொள்ளக் கூடாது.

அதற்குக் காரணம் இருக்கிறது. பாகம் எண்ணும் வரிசை எண்ணும் நிலையானவை அல்ல. பட்டியல் திருத்தப்படும்போது இறந்தவர்கள், இடம் மாறியவர்களின் பெயர்கள் நீக்கப்படுகின்றன. புதிய பெயர்கள் துணைப்பட்டியலில், பழைய கடைசி எண்ணைத் தொடர்ந்து, சேர்க்கப்படுகின்றன. பிறகு ஒரு கட்டத்தில் எல்லாவற்றையும் ஒன்றாக்கிப் புதிதாக எண் இடுகிறார்கள். தமிழ்நாட்டில் 2025 நவம்பர் 4 அன்று தொடங்கிய சிறப்புத் தீவிரத் திருத்தத்தில் பட்டியல் முழுவதும் மறுபடி தொகுக்கப்பட்டது. அதோடு, 1,200 பேர் என்ற புதிய வரம்புக்காகப் பல சாவடிகள் பிரிக்கப்பட்டன. ஆகவே பல ஆண்டுகளாக ஒரே பள்ளியில் ஓட்டுப் போட்டவருக்கும் இனி வேறு கட்டடம் வரலாம். போன தேர்தலில் 598 ஆக இருந்தவர் இப்போது 647 ஆகலாம். உள்ளாட்சித் தேர்தல் என்றால் கதையே வேறு. அதை நடத்துவது மாநிலத் தேர்தல் ஆணையம். பட்டியல் வார்டுவாரியாக இருக்கும். அந்தத் தேர்தலின் பூத் சிலிப்பில் உள்ள எண்கள் சட்டமன்றத் தேர்தலுக்குச் செல்லாது. செல்போனில் பழைய படங்கள் அழிக்கப்படாமல் கிடப்பதால் இந்தத் தவறு எளிதில் நேர்கிறது. படத்தில் முதலில் பார்க்க வேண்டியது வாக்குப்பதிவு நாள் என்ற வரியைத்தான்.

படம் என்பதாலேயே வரும் பிழைகள் வேறு சில. சீட்டை மேசை மேல் வைத்து, விளக்கு வெளிச்சத்தில் அவசரமாக எடுத்த படத்தில் ஒரு மூலை வெளுத்துப்போய் இருக்கும். அந்த மூலையிலேயே வரிசை எண்ணின் கடைசி இலக்கம் இருந்தால் 647 என்பது 64 ஆகிவிடும். மடிப்பு விழுந்த தாளில் 1, 7 போலவும் 3, 8 போலவும் தெரியும். படத்தை அழகாகத் தெரிவதற்காக ஓரங்களை வெட்டி அனுப்புகிறவர்கள், தெரியாமல் ஒரு வரியையே வெட்டிவிடுவதுண்டு. எல்லாவற்றையும்விட அதிகம் நடப்பது ஆள் மாறுவது. ஒரு வீட்டில் உள்ளவர்களின் வரிசை எண்கள் அடுத்தடுத்து இருப்பது வழக்கம். தாய் 647 என்றால் மகன் 648, மருமகள் 649 என்று வரும். மூன்று சீட்டுகளை ஒன்றன்பின் ஒன்றாகப் படம் எடுத்து அனுப்பும்போது, எது யாருடையது என்று பார்க்காமல் முதல் படத்தையே தாய்க்குக் காட்டிவிடுகிறார்கள். பாகம் எண்ணும் பள்ளியும் மூவருக்கும் ஒன்றே என்பதால் தவறு வெளியே தெரியாது. சாவடிக்குள் அலுவலர் 648-ஐப் பார்த்து ஓர் ஆணின் பெயரைப் படிக்கும்போதே தெரியவரும்.

இதைத் தவிர்க்க ஒரே வழி, படத்தையும் வாக்காளர் அடையாள அட்டையையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதுதான். அட்டையின் எண்ணில் மூன்று ஆங்கில எழுத்துகளும் ஏழு இலக்கங்களும் இருக்கும். மிகப் பழைய அட்டைகளில் சாய்கோடுகளோடு நீளமாக இருக்கும். சீட்டில் உள்ள அட்டை எண்ணின் கடைசி நான்கு இலக்கங்களும், கணவர் அல்லது தந்தையின் பெயரும் அட்டையோடு ஒத்துப்போனால் அது அவருடைய சீட்டே. பெயரை மட்டும் பார்த்து உறுதி செய்வது போதாது. ஒரே தெருவில் ஒரே பெயரில் இரண்டு, மூன்று மூதாட்டிகள் இருப்பது நம் ஊர்களில் புதிது அல்ல. ஒரு பாகத்துக்குள் கணவர் பெயரே அவர்களை வேறுபடுத்திக் காட்டும். படம் தெளிவாக இல்லாவிட்டால் ஊகிப்பதைவிட, மகனிடமே தாளைப் பார்த்து எண்ணைப் படிக்கச் சொல்லலாம். அல்லது electoralsearch.eci.gov.in என்ற தளத்தில் அட்டை எண்ணைக் கொடுத்துத் தேடலாம். பாகமும் வரிசையும் சாவடியும் அங்கே கிடைக்கும். 1950 என்ற எண்ணில் கூப்பிட்டும் கேட்கலாம்.

எண்கள் சரிதான் என்று உறுதியானதும் அடுத்த கேள்வி, தாய் அதை எப்படிக் கொண்டுபோவது என்பது. செல்போனில் இருக்கும் படம் அங்கே உதவாது. வாக்குச்சாவடிக்குள் வாக்காளர் செல்போனைப் பயன்படுத்தக் கூடாது. வாசலிலேயே ஒப்படைத்துவிட்டுப் போகும் ஏற்பாட்டை 2025-ல் தேர்தல் ஆணையம் அறிவித்தது. போனை நம்பி வந்த பெரியவர், எண்களும் போனோடு வாசலில் நின்றுவிட, வெறுங்கையோடு உள்ளே போய் நிற்பார். அதனால் படத்தை மறுபடியும் தாளாக்க வேண்டும். கால் பக்க வெள்ளைத் தாள் போதும். அதில் பெரிய எழுத்தில், கறுப்பு மையில், மேல் வரியில் ‘பாகம் 112’ என்றும், கீழ் வரியில் ‘வரிசை 647’ என்றும், அதற்கும் கீழே அவருடைய பெயரும் இருந்தால் போதுமானது. அதற்கு மேல் எழுதினால் மறுபடி குழப்பம். கட்சியின் பெயரோ சின்னமோ வேட்பாளரின் பெயரோ அந்தத் தாளில் இருக்கக் கூடாது. கட்சிக்காரர்கள் தம் முகாம்களில் எழுதிக் கொடுக்கும் சீட்டும் அவ்வாறு வெள்ளைத் தாளாகவே இருக்க வேண்டும் என்பது விதி. சாவடியிலிருந்து 100 மீட்டருக்குள் வாக்குச் சேகரிப்பது சட்டப்படி குற்றம்.

எழுதிய தாளைத் தாயின் கையில் கொடுத்து, அவரையே ஒரு முறை படிக்கச் சொல்ல வேண்டும். கண் தெரியாவிட்டால், எண்ணைக் கேட்டுத் திருப்பிச் சொல்லச் சொல்லலாம். இங்கேயும் இளையவர்கள் ஒரு பிழை செய்கிறார்கள். ‘சிக்ஸ் ஃபோர் செவன்’ என்று இலக்கம் இலக்கமாக ஆங்கிலத்தில் சொல்கிறார்கள். பெரியவர்கள் எண்ணை முழு எண்ணாகத் தமிழில் கேட்டே வளர்ந்தவர்கள். ‘அறுநூற்று நாற்பத்தேழு’ என்றால் அவர்களுக்கு அது ஓர் அளவாகவே மனத்தில் பதியும். சாவடிக்குள்ளும் எண்ணை உரக்கப் படிப்பார்கள்; அது காதில் விழும்போது தம் எண் என்று அவர்களால் அடையாளம் காண முடிய வேண்டும்.

சீட்டு அடையாளச் சான்று அல்ல என்பதைச் சொல்லாமல் விளக்கம் முடியாது. இதில் பெரியவர்கள் பிடிவாதமாக இருப்பதற்கு நியாயமும் இருக்கிறது. 2014 தேர்தலின் காலத்தில் வாக்காளரின் படம் அச்சிட்ட பூத் சிலிப்பே தரப்பட்டது. அதை மட்டும் காட்டி ஓட்டுப் போட முடிந்தது. அந்தப் படச்சீட்டை மட்டும் தனிச் சான்றாக ஏற்பதில்லை என்று 2019 பிப்ரவரியில் தேர்தல் ஆணையம் உத்தரவிட்டது. 2021-ல் படமே இல்லாத வாக்காளர் தகவல் சீட்டு வந்தது. ‘போன தடவை சீட்டைக் காட்டித்தானே போட்டேன்’ என்று ஒரு பெரியவர் சொன்னால் அவர் நினைவில் பிழை இல்லை, விதி மாறிவிட்டது. பாகம் எண்ணையும் வரிசை எண்ணையும் பெரிதாக அச்சிட்டுச் சீட்டின் வடிவத்தை மாற்றப்போவதாக 2025 மே மாதத்தில் ஆணையம் அறிவித்தது. வடிவம் எப்படி மாறினாலும், சீட்டு வழிகாட்டும் தாள்தானே தவிர, ஆள் யார் என்று காட்டும் தாள் அல்ல.

எனவே தாய் கையில் எடுத்துப் போக வேண்டியது வாக்காளர் அடையாள அட்டை. அது கிடைக்காவிட்டால் ஆதார், படம் ஒட்டிய வங்கி அல்லது அஞ்சலகச் சேமிப்புக் கணக்குப் புத்தகம், படத்தோடு கூடிய ஓய்வூதிய ஆவணம், நூறு நாள் வேலை அட்டை, ஓட்டுநர் உரிமம், பான் அட்டை, பாஸ்போர்ட் போன்ற மாற்று ஆவணங்களில் ஏதாவது ஒன்று போதும். தமிழ்நாட்டுப் பெரியவர்கள் எந்த அலுவலகத்துக்குப் போனாலும் தவறாமல் எடுத்துச் செல்லும் ரேஷன் கார்டு இந்தப் பட்டியலில் இல்லை. அதைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். பையில் அது மட்டும் இருந்தால் திரும்பி வர நேரும். பழைய ஊரின் முகவரியில் வாங்கிய வாக்காளர் அட்டை இருந்தால் பயப்பட வேண்டாம். அவர் பெயர் இந்தப் பாகத்தின் பட்டியலில் இருக்கும் வரை அட்டை செல்லும். பெயரில் ஓர் எழுத்து மாறியிருப்பதைப் போன்ற சிறு பிழைகளுக்காகவும், ஆள் அவர்தான் என்று தெரியும்போது, யாரையும் திருப்பி அனுப்பக் கூடாது.

இனி அந்த இரண்டு எண்களும் உள்ளே என்ன வேலை செய்கின்றன என்று பார்க்கலாம். முதல் மேசையில் இருக்கும் வாக்குப்பதிவு அலுவலரிடம் 112-ஆம் பாகத்தின் பட்டியல் அச்சிட்ட பிரதியாக இருக்கும். தாய் தாளை நீட்டியதும், அவர் பக்கங்களைப் புரட்டி 647-க்கு வருவார். அடையாள அட்டையைப் பார்த்து, எண்ணையும் பெயரையும் உரக்கப் படிப்பார். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் கட்சி முகவர்கள் தம் பட்டியலில் அதைக் குறித்துக்கொள்வார்கள். ஆள் அவர் இல்லை என்று சந்தேகம் இருந்தால் அவர்கள் எதிர்ப்புத் தெரிவிப்பது அப்போதுதான். எதிர்ப்பு இல்லையென்றால் அலுவலர் சிவப்பு மையில் அந்தப் பதிவில் கோடு இழுப்பார். பெண் என்பதால் கூடுதலாக ஒரு குறியும் போடுவார். இரண்டாம் அலுவலர் இடதுகை ஆள்காட்டி விரலில் மை வைத்து, பதிவேட்டில் 647 என்று எழுதி, கையெழுத்தோ கைரேகையோ வாங்கி, ஒரு சிறு துண்டுச் சீட்டைக் கொடுப்பார். அதுவும் ‘சீட்டு’ என்றே சொல்லப்படுவதால், வீட்டிலிருந்து கொண்டுவந்த தாளோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. மூன்றாம் அலுவலர் அந்தத் துண்டை வாங்கிக்கொண்டு இயந்திரத்தை இயக்கிவிடுவார். பொத்தானை அழுத்திய பின், பக்கத்துப் பெட்டியின் கண்ணாடிக்குள் அவர் ஓட்டுப் போட்ட சின்னம் அச்சான தாள் ஏழு நொடி தெரியும். அதைப் பார்த்துவிட்டு வெளியே வரலாம்.

முதல் மேசையில் பெயர் கிடைக்காமல் போனால் என்ன செய்வது? பெரும்பாலும் அறை மாறியிருக்கும். பாகம் எண்ணைக் காட்டிச் சரியான அறையைக் கேட்க வேண்டும். தாளைத் தொலைத்துவிட்டால் அதற்காகத் திரும்ப வேண்டியதில்லை. பட்டியலில் பெயரும் கையில் அடையாள ஆவணமும் இருந்தால் ஓட்டுரிமை உண்டு. பல சாவடிகள் ஒரே வளாகத்தில் இருக்கும் இடங்களில் வாக்காளர் உதவி மையம் இருக்கும். அங்கே அகர வரிசையில் அடுக்கிய பட்டியலில் தேடி எண்ணைச் சொல்வார்கள். சீட்டைக் கொடுக்க வந்த நாளில் வீடு பூட்டியிருந்து, ‘வராதவர், இடம் மாறியவர், இறந்தவர்’ என்ற தனிப்பட்டியலில் பெயர் ஏறியிருந்தாலும் ஓட்டு பறிபோவதில்லை. தலைமை அலுவலர் ஆவணத்தைக் கூடுதலாகச் சரிபார்த்து, கையெழுத்தோடு கைரேகையும் பெற்றுக்கொண்டு அனுமதிப்பார். நம் எடுத்துக்காட்டில் மகன் வீட்டில் இருந்து சீட்டை வாங்கிவிட்டதால் அந்தச் சிக்கல் இல்லை. தன் ஓட்டை வேறு யாரோ ஏற்கெனவே போட்டுவிட்டதாகச் சொல்லப்பட்டால், சண்டை போடாமல் தலைமை அலுவலரிடம் ஆய்வுக்குரிய வாக்குச்சீட்டைக் கேட்கலாம். ஆள் தாம்தான் என்று நிரூபித்தால் அதைத் தருவார்கள். அது இயந்திரத்தில் பதியும் ஓட்டு அல்ல, தாளில் போட்டுத் தனியாக வைக்கப்படுவது.

கூட வருகிறவர் எவ்வளவு தூரம் வரலாம் என்பதையும் முன்பே பேசிவிடுவது நல்லது. கண் பார்வை இல்லாமலோ உடல் தளர்ச்சியாலோ சின்னத்தைக் காணவோ பொத்தானை அழுத்தவோ முடியாதவர், 18 வயது நிறைந்த ஒருவரைத் துணையாக உள்ளே அழைத்துப் போகலாம். தலைமை அலுவலர் அதை ஏற்க வேண்டும். துணை வருகிறவர் உறுதிமொழியில் கையெழுத்திட வேண்டும். அன்றைக்கு அவர் வேறு எவருக்கும் துணையாகப் போக முடியாது. எழுதப் படிக்கத் தெரியாது என்பது மட்டும் இதற்குக் காரணம் ஆகாது. 85 வயது கடந்தவர்கள் வீட்டிலிருந்தே தபால் ஓட்டுப் போட விண்ணப்பிக்கலாம். 2024-க்கு முன் இந்த வரம்பு 80. நம் மூதாட்டிக்கு 78 வயதுதான் என்பதால் அவர் சாவடிக்கே போக வேண்டும். விண்ணப்பித்து அனுமதி பெற்றவர் பிறகு மனம் மாறிச் சாவடிக்கு வந்து ஓட்டுப் போட முடியாது.

வாக்குப்பதிவு நாளன்று காலையில் மகள் தாயைக் கும்பகோணம் பேருந்து நிலையத்தில் ஏற்றிவிடுகிறார். சுருக்குப்பையில் வாக்காளர் அட்டை. அதோடு ‘பாகம் 112, வரிசை 647’ என்று பெரிதாக எழுதிய கால் பக்கத் தாள். தஞ்சாவூரில் மகன் அழைத்துப் போய்ப் பள்ளி வாசலில் விடுகிறார். தெற்கு பார்த்த தார்சுக் கட்டடத்தின் கிழக்குப் பக்க அறைக்கு மூதாட்டி தாமே நடந்து போகிறார். முதல் மேசையில் அலுவலர் கேட்பதற்கு முன்பே தாளை நீட்டுகிறார். அவர் பக்கத்தைப் புரட்டி, ‘அறுநூற்று நாற்பத்தேழு’ என்று படித்துப் பெயரைச் சொன்னதும், ‘நான்தான்’ என்று தலையசைத்து விரலை நீட்ட அடுத்த மேசைக்கு நகர்கிறார்.